மூன்று தலைமுறைக் கணக்கு

மொராக்கோவின் மராகேஷ் நகரை 1070-ஐ ஒட்டி நிறுவியவர்கள் சகாரா பாலைவனத்திலிருந்து ஒட்டகங்களோடு வந்த ஒரு கூட்டம். முராபித்துகள் என்று பெயர். 1147-இல் அவர்களை வெட்டிச் சாய்த்து நகரைப் பிடித்தவர்கள் அட்லஸ் மலையிலிருந்து இறங்கிவந்த முவஹ்ஹித்துகள். 1269-இல் அவர்களையும் அகற்றிவிட்டு உள்ளே வந்தவர்கள் மரீனிகள். அதுவரை கிழக்கே வறண்ட புல்வெளிகளில் ஆட்டையும் ஒட்டகத்தையும் மேய்த்துக்கொண்டிருந்தவர்கள். இருநூறு ஆண்டுகளில் மூன்று எஜமானர்கள். மூவருமே நகரத்துக்கு வெளியிலிருந்து வந்த முரட்டு ஆட்கள். நகரத்துக்குள் இருந்தவர்களிடம் பணம் அதிகம், ஆயுதம் அதிகம், மதில் உண்டு, பழகிய நிர்வாகம் உண்டு. இருந்தும் ஒவ்வொரு முறையும் தோற்றவர்கள் அவர்கள்தான்.

இதற்கு அன்றைய வரலாற்றாசிரியர்கள் சொன்ன காரணங்கள் நமக்கும் பழக்கமானவை. அரசன் கெட்டவன், மந்திரி துரோகி, கடவுள் கோபித்தார், நேரம் சரியில்லை. 1377-இல் அல்ஜீரியாவின் உட்பகுதியில் ஒரு மலைக்கோட்டையில் உட்கார்ந்திருந்த நாற்பத்தைந்து வயது முன்னாள் அதிகாரி ஒருவர், இந்த விளக்கங்கள் எதுவும் போதாது என்று நினைத்தார். ஒரே மாதிரி நிகழ்ச்சி திரும்பத் திரும்ப நடந்தால் அதற்கு ஓர் உள்காரணம் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் பெயர் இப்னு கல்தூன். அங்கே ஐந்து மாதங்களில் அவர் முதல் வரைவை எழுதி முடித்த நூல் ‘முகத்திமா’. அதன் பொருள் முன்னுரை என்பதுதான். எழுதவிருந்த பெரிய உலக வரலாற்றுக்கு முன்னுரையாக ஆரம்பித்தது. இன்று அந்த வரலாற்றைப் புரட்டுபவர்கள் குறைவு. முன்னுரைதான் நிலைத்தது.

அவர் 1332-இல் துனிஸ் நகரில் பிறந்தார். முன்னோர் ஸ்பெயினின் செவில் நகரத்துப் பெரிய குடும்பத்தினர். 1248-இல் அந்நகரம் கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போகுமுன்பே வெளியேறிக் கடல் தாண்டியவர்கள். 1348-49-இல் வந்த பெருங்கொள்ளை நோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர்கள் பலரையும் கொண்டுபோனது. இருபது வயதை ஒட்டி அரசாங்க வேலைக்குப் போனார். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் துனிஸ், ஃபெஸ், கிரானடா, பிஜாயா என்று அரண்மனை மாற்றி அரண்மனை. எழுத்தர், தூதர், அமைச்சர் என்று எல்லா வேலையும் பார்த்தார். ஃபெஸ் நகரில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சிறையிலும் இருந்தார். எஜமானர் சரியும்போது சரியான நேரத்தில் கட்சி மாறும் கலை அவருக்கு நன்றாகவே தெரியும். அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை மெதுவாகத் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால், 1365-க்குப் பிறகு அவர் பார்த்த முக்கிய வேலை குதிரைவீரர்களைத் திரட்டித் தருவது. பிஸ்க்ரா என்ற பாலைவன ஓரத்து ஊரில் தங்கி, சுற்றியிருந்த அரபு நாடோடிக் குலங்களிடம் போய், இந்த சுல்தானுக்காக இத்தனை பேர் வருவீர்களா, என்ன கேட்கிறீர்கள் என்று பேரம் பேசுவார். எந்தக் குலத்தலைவன் கூப்பிட்டால் ஆட்கள் உண்மையாகவே வருவார்கள், எவனுக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது அவருடைய தொழில். சுல்தான்களிடம் கருவூலம் இருந்தது. தங்களுக்காக உயிரைக் கொடுக்கும் ஆட்கள் இல்லை. குலத்தலைவர்களிடம் அந்த ஆட்கள் இருந்தார்கள், கருவூலம் இல்லை. இந்த இடைவெளியில்தான் இப்னு கல்தூனின் சம்பளம் இருந்தது. அவருடைய கோட்பாடும் அங்கிருந்துதான் வந்தது.

கோட்பாட்டின் அச்சாணி ‘அஸபிய்யா’. ஒருவனுக்கு அடி விழுந்தால் தனக்கே விழுந்ததாக அடுத்தவன் துள்ளி எழும் ஒட்டுணர்வு. ரத்த உறவில் தொடங்குவது என்றாலும் அதோடு நிற்பதில்லை. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள், சேர்ந்து ஆபத்தைக் கடந்தவர்கள், ஒருவரிடம் அடைக்கலம் புகுந்து அவர் வீட்டு ஆளாகவே ஆகிவிட்டவர்கள் ஆகியோரிடையேயும் இது உண்டாகும் என்கிறார். வெறும் வம்சாவளிப் பட்டியலால் பயனில்லை, அது கற்பனையாகக்கூட இருக்கலாம், அந்தப் பெயரால் ஆட்கள் சேர்ந்து நிற்கிறார்களா என்பதுதான் கேள்வி என்று தெளிவாகச் சொல்கிறார்.

பாலையிலும் மலையிலும் இந்த உணர்வு ஏன் கெட்டியாக இருக்கிறது? அங்கே மதில் கிடையாது, காவல்காரன் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. தனியாக நிற்பவன் பிழைக்க முடியாது. நகரத்தில் இந்த வேலைகளை எல்லாம் சம்பளத்துக்கு வேறு யாரோ செய்கிறார்கள். ஆகவே நகரத்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டுத் தூங்குகிறான். அவன் தாழ்ந்தவன் என்றோ நாடோடி உயர்ந்தவன் என்றோ இப்னு கல்தூன் சொல்லவில்லை. அறிவும் தொழிலும் கலையும் நகரத்தில்தான் வளரும் என்பது அவர் கருத்து. நாடோடிகள் புகுந்து நாசமாக்கிய ஊர்களைப் பற்றி மிகக் கசப்பாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ஆட்சியைப் பிடிக்கிற சக்தி வெளியே விளைகிறது, அதை அனுபவிக்கிற இடம் உள்ளே இருக்கிறது. அவருடைய சுழற்சி இந்த முரணிலிருந்தே பிறக்கிறது.

பிடித்த பிறகு நடப்பதை அவர் தலைமுறைக் கணக்கில் வைக்கிறார். முதல் தலைமுறை வறுமையில் வளர்ந்தது, சேர்ந்து போரிட்டது, வெற்றியில் பங்கு கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைக்கிறது. இரண்டாம் தலைமுறை நகரத்தில் வளர்கிறது. அரசன் ஒருவன் கையில் அதிகாரம் குவிகிறது. மற்றவர்கள் அடங்கப் பழகிவிடுகிறார்கள். ஆனாலும் அப்பன்மார் வாழ்ந்த வாழ்க்கையை நேரில் பார்த்தவர்கள் என்பதால் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கிறது. மூன்றாம் தலைமுறைக்கு அந்த நினைவே இல்லை. குதிரைமேல் உட்காரத் தெரியும், பட்டாடை உடுத்தத் தெரியும். சண்டை வந்தால் காக்க வேறு ஆள் வேண்டும். ஒரு தலைமுறைக்கு நாற்பது ஆண்டு, மூன்றுக்கு நூற்றிருபது. பெரும்பாலான வம்சங்கள் இதைத் தாண்டுவதில்லை என்கிறார்.

இந்த 120 என்ற எண்ணைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியம், சரிவு எந்த வழியாக வருகிறது என்பதை அவர் காட்டும் விதம். ஆடம்பரம் மனிதனைக் கெடுக்கும் என்று உபதேசிக்க யாராலும் முடியும். இவர் உபதேசம் செய்யவில்லை, அரசனின் சிக்கலைப் பார்க்கிறார். வென்ற அரசனுக்கு முதல் ஆபத்து தோற்ற எதிரி அல்ல. கூட நின்று ஜெயித்த சொந்தக்காரர்கள்தான். உன் அளவுக்கு நாங்களும்தான் ரத்தம் சிந்தினோம் என்று சொல்லும் தகுதி அவர்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே அவன் அவர்களை ஓரங்கட்டுகிறான், சிலரைக் கொல்கிறான். அவர்கள் இடத்தில் தன்னை மட்டுமே நம்பியிருக்கும் அந்நியர்களை, அடிமைகளை, கூலிப்படையை வைக்கிறான். அரசனுடைய இடத்திலிருந்து பார்த்தால் இது புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் உறவுக்காரன் மானத்துக்காகச் சண்டை போட்டான். இவனோ சம்பளத்துக்குப் போடுகிறான். சம்பளம் ஏற ஏறக் கருவூலம் காலியாகிறது.

அங்கிருந்து வரிக்கு வருகிறார். வம்சத்தின் தொடக்கத்தில் வரிவிகிதம் குறைவு, வசூல் அதிகம். முடிவில் வரிவிகிதம் அதிகம், வசூல் குறைவு. எளிய வாழ்க்கை வாழும் முதல் தலைமுறைக்குச் செலவு குறைவு என்பதால், மதச் சட்டம் அனுமதித்த வரிகளோடு நிறுத்திக்கொள்கிறது. உழுகிறவனும் வணிகனும் தெம்பாக வேலை செய்கிறார்கள். பிறகு படைச்செலவும் அரண்மனைச் செலவும் கூடுகின்றன. சந்தை வரி, நகர வாசலில் வரி என்று ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. லாபம் தேறாது என்று தெரிந்ததும் உழவன் நிலத்தைப் போட்டுவிட்டுப் போகிறான், வணிகன் கடையைச் சுருக்குகிறான். வசூல் விழுகிறது. விழுந்ததை ஈடுகட்ட இன்னும் வரி. கடைசியில் அரசனே வியாபாரத்தில் இறங்குகிறான். தானியத்தையும் சரக்கையும் தான் சொன்ன விலைக்கு வாங்கி, தான் சொன்ன விலைக்கு விற்கிறான். அவனோடு போட்டி போட யாரால் முடியும்? மற்ற வணிகர்கள் முதலை இழந்து ஒதுங்குகிறார்கள். அவர்கள் கட்டிய வரியும் அவர்களோடு போகிறது. 1981-இல் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் வரிக்குறைப்புக்கு ஆதரவாக இப்னு கல்தூனின் பெயரைச் சொன்னது இந்தப் பகுதியை வைத்துத்தான். முழு அத்தியாயத்தையும் படித்தால், வரி ஏறுவது நோயின் கடைசி அறிகுறிகளில் ஒன்று. மூலம் படையில் இருக்கிறது. விகிதத்தை மட்டும் குறைத்தால் வம்சம் பிழைத்துக்கொள்ளும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இதை மராகேஷிலேயே வைத்துப் பார்க்கலாம். முவஹ்ஹித்துகளின் தொடக்கம் இப்னு தூமர்த் என்ற மதப் போதகர். அட்லஸ் மலைக் குலங்களான மஸ்மூதாக்களைத் திரட்டி, 1121-ஐ ஒட்டித் தன்னை வழிகாட்ட வந்த மஹ்தியாக அறிவித்தார். மதம் இந்தக் கோட்பாட்டில் எங்கே வருகிறது என்பதற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு. குல உணர்வு இல்லாத இடத்தில் போதகர் மட்டும் வந்து நின்றால் உதை வாங்கிச் சாவார் என்கிறார் இப்னு கல்தூன். குல உணர்வு இருக்கும் இடத்தில் மதம் வந்தால் அது ஒன்றுக்குப் பத்தாகப் பெருகும். தங்களுக்குள் ஓயாமல் சண்டையிட்ட குலங்களின் பொறாமை அடங்கி, எல்லோருடைய முகமும் ஒரே திசையில் திரும்பும். இப்னு தூமர்த் பத்துப் பேர் கொண்ட ஒரு சபையும் ஐம்பது பேர் கொண்ட ஒரு சபையும் அமைத்துக் குலத்தலைவர்களை அதிகாரத்தில் பங்காளிகளாக்கினார். அவர் 1130-இல் இறந்தார். தளபதி அப்துல் முஃமின் 1147-இல் மராகேஷைப் பிடித்தார்.

எதிரே இருந்த முராபித்துகளின் நிலையைப் பாருங்கள். அந்த வம்சத்தைப் பெரிதாக்கிய யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் எளிமைக்குப் பெயர் போன பாலைவனக்காரர். 1086-இல் ஸ்பெயினுக்குக் கடல் தாண்டிப்போய் ஸல்லாக்கா என்ற இடத்தில் காஸ்டீல் அரசனைத் தோற்கடித்தவர். அவர் மகன் அலீ காலத்தில் மராகேஷைச் சுற்றிப் பெரிய மதில் எழுந்தது. கிறிஸ்தவக் கூலிவீரர்கள் படையில் சேர்ந்தார்கள். அவர்களுடைய தளபதி ரெவெர்டர் என்ற கட்டலான் பிரபு. அந்த ஆள் திறமையாகத்தான் சண்டை போட்டார். அவர் செத்ததும் படை குலைந்தது. அடுத்த ஆட்சியாளர் தாஷ்ஃபீன் 1145-இல் ஓரான் அருகே இரவில் தப்பி ஓடும்போது மலைவிளிம்பிலிருந்து விழுந்து மாண்டார். பாலையிலிருந்து வந்தவர்களின் பேரன் தலைமுறை அது.

ஜெயித்த அப்துல் முஃமின் என்ன செய்தார்? அவர் மஸ்மூதா அல்ல. குமியா என்ற வேறொரு குலத்தவர். ஆட்சியைத் தன் பிள்ளைகளுக்கே வைக்க விரும்பினார். மகனை வாரிசாக்கினார், மற்ற மகன்களை மாகாணங்களுக்கு அனுப்பினார். இப்னு தூமர்த்தின் சொந்தச் சகோதரர்களே கிளர்ச்சி செய்து உயிரை விட்டார்கள். தனக்குத் துணையாகத் தன் குமியா ஆட்களைத் தலைநகருக்கு வரவழைத்தார். கிழக்கிலிருந்து அரபுக் குலங்களையும் கொண்டுவந்து படையில் சேர்த்தார். பங்காளிகளை விலக்கி வேறு ஆட்களை வைக்கும் படலம் முதல் தலைமுறையிலேயே ஆரம்பமாகிவிட்டது. மகன், பேரன் காலங்களில் அரசு உச்சத்தில் இருந்தது. பேரன் யஃகூப் 1195-இல் அலார்கோஸ் போரில் காஸ்டீலை வென்றார். அடுத்தவர் 1212-இல் லாஸ் நவாஸ் டி டோலோசாவில் மிக மோசமாகத் தோற்றார். அவருக்குப் பின் வந்த இளைஞன் 1224-இல் வாரிசில்லாமல் இறக்க, உரிமை கோரியவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான மஃமூன், காஸ்டீல் அரசன் கொடுத்த கிறிஸ்தவக் குதிரைப்படையோடு மராகேஷுக்கு வந்தார். இப்னு தூமர்த் மஹ்தியே அல்ல என்று பகிரங்கமாக அறிவித்தார். எதிர்த்த முவஹ்ஹித் தலைவர்களைக் கூட்டமாகக் கொன்றார். எந்தக் குலங்களும் எந்தக் கொள்கையும் அந்த அரசைக் கட்டினவோ, அவை இரண்டையும் அதன் அரசரே தன் கையால் அழித்தார்.

உடனே ஓரங்கள் கழன்றன. வம்சம் எல்லையிலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கும் என்பது இப்னு கல்தூன் எழுதிய விதி. துனிஸில் ஆளுநராக இருந்த ஹஃப்ஸ் குடும்பம் 1229-இல் தனியரசாயிற்று. திலிம்சான் அடுத்துப் போனது. 1248-இல் ஃபெஸ் மரீனிகளிடம் விழுந்தது, 1269-இல் மராகேஷ். நகரைப் பிடித்ததிலிருந்து இழந்தது வரை 122 ஆண்டுகள். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த வம்சங்களைப் பார்த்துத்தானே அவர் கணக்கையே போட்டார்!

மரீனிகளின் சரிவை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, உள்ளே இருந்து பார்த்தார். அவரைச் சிறையில் போட்ட ஃபெஸ் சுல்தான் அபூ இனான் 1358-இல் நோயில் கிடந்தபோது அமைச்சரே அவர் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, ஒரு சிறுவனைச் சிம்மாசனத்தில் ஏற்றினார். இப்னு கல்தூனுக்கு விடுதலை கொடுத்தவரும் அதே அமைச்சர்தான். அரசன் திரைக்குப் பின்னால் ஒதுங்கி, பொம்மைச் சிறுவனை வைத்து மந்திரி ஆளும் கட்டத்தைப் பற்றி ‘முகத்திமா’வில் வரும் அத்தியாயம் ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று புரிகிறதல்லவா?

வரலாறு எழுதும் முறையில் அவர் கொண்டுவந்த மாற்றத்துக்கு வேறோர் உதாரணம் வேண்டும். அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெரும் வரலாற்றாசிரியர் மஸ்ஊதி. மோசே பாலைவனத்தில் எண்ணிப் பார்த்தபோது இஸ்ரவேலரில் ஆயுதம் தாங்கக்கூடிய ஆண்கள் ஆறு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்று அவர் எழுதியிருந்தார். அந்தக் காலத்து முறைப்படி, இதைச் சொன்ன அறிவிப்பாளர்கள் நம்பத்தக்கவர்களா என்று பார்ப்பார்கள். இப்னு கல்தூன் கேட்டது வேறு: இது நடக்கக்கூடியதா? ஆறு லட்சம் பேரை அந்த நிலத்தில் எப்படி அணிவகுப்பது? ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எப்படித் தெரியும்? இஸ்ரவேலரைவிடப் பன்மடங்கு பெரிய பாரசீகப் பேரரசே காதிசிய்யாப் போருக்கு 1,20,000 பேரைத்தானே அனுப்பியது? யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்கள் எழுபது பேர். யாக்கோபுக்கும் மோசேக்கும் இடையே நான்கு தலைமுறை, இருநூற்றிருபது ஆண்டு. எழுபது பேரில் பாதி ஆண்கள் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வோர் ஆணுக்கும் பதினொன்றுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகள் பிறந்து, எல்லோரும் பிழைத்து, அதுவும் நான்கு தலைமுறை தொடர்ந்தால்தான் ஆறு லட்சம் வரும்.

ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் சமூகம் எப்படி இயங்குகிறது என்ற அறிவோடு அதை ஒட்டிப் பார்க்க வேண்டும் என்பதே இதன் சாரம். வம்சங்களின் ஏற்ற இறக்கக் கோட்பாடும் இதே தேவைக்காக எழுந்ததுதான். பாக்தாத்தில் ஹாரூன் அல் ரஷீத், தன்னுடைய பர்மக்கி அமைச்சர்களை ஒரே இரவில் ஒழித்துக்கட்டினார். அவர்களில் ஒருவருக்கும் அரசரின் தங்கைக்கும் இருந்த காதல் தொடர்பே காரணம் என்று காலங்காலமாக ஒரு கதை. இப்னு கல்தூன் அதை ஒதுக்கித் தள்ளுகிறார். வரிப்பணமும் பதவி நியமனமும் அந்தக் குடும்பத்தின் கைக்குப் போய், அரசரே சிறுதொகைக்கு அவர்களிடம் கேட்க வேண்டிய நிலை வந்தது. அதிகாரத்தைத் திரும்பப் பிடிக்க அரசருக்கு வேறு வழியில்லை என்கிறார். தங்கை கதை சுவையானது, அதனால் எல்லோரும் எழுதினார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்னுரையில் இவ்வளவு கறாராகப் பேசியவர், பின்னால் எழுதிய பெரிய வரலாற்றில் மற்றவர்களைப் போலவே போர், வாரிசு, மரணம் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டு போகிறார். வட ஆப்பிரிக்கப் பகுதி விலைமதிப்பற்ற தகவல் களஞ்சியம். ஆனாலும் கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்தால் ஏமாற்றம் வரும்.

1382 இறுதியில் அவர் எகிப்துக்குக் கப்பலேறினார். கெய்ரோவில் தலைமை நீதிபதியாகி, விலக்கப்பட்டு, மீண்டும் அமர்த்தப்பட்டு, 1406-இல் அங்கேயே இறந்தார். அவரைப் பின்தொடர்ந்து வந்த குடும்பம் கப்பல் உடைந்து கடலோடு போயிற்று. எகிப்து அவருடைய கணக்குக்கு ஒரு சோதனை. அங்கே பாலைவனக் குலங்கள் ஆட்சியைப் பிடிக்கவில்லை. மம்லூக்குகள் ஆண்டார்கள். கருங்கடலுக்கு வடக்கேயும் காக்கசஸ் பக்கத்திலும் வாங்கப்பட்டு, கெய்ரோவில் முஸ்லிம்களாக வளர்க்கப்பட்டு, போர்ப் பயிற்சி பெற்ற அடிமைகள். அவர்களிலிருந்தே தளபதிகள், அவர்களிலிருந்தே சுல்தான்கள். இதைத் தன் வரலாற்றில் இப்னு கல்தூன் இறைவன் காட்டிய வழி என்றே வியக்கிறார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. மூன்றாம் தலைமுறை மெலிந்துபோவதுதானே சிக்கல்? இங்கே மூன்றாம் தலைமுறையே இல்லை. நகரத்தில் பிறந்த மகன்களைப் பெரும்பாலும் படைக்கு வெளியே விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் புல்வெளியிலிருந்து புதிய பையன்களை இறக்குகிறார்கள். ஆட்டம் எப்போதும் முதல் தலைமுறையிலேயே நிற்கிறது. 1250-இல் தொடங்கிய அந்த ஆட்சி 1517 வரை நீடித்தது.

1401 ஜனவரியில் அவருடைய கோட்பாடே உருவெடுத்ததுபோல் ஒருவர் எதிரே வந்தார். தைமூர் டமாஸ்கஸை முற்றுகையிட்டிருந்தார். எகிப்து சுல்தான் படையோடு வந்து, தலைநகரில் சதி என்ற வதந்தி கேட்டுத் திரும்பிப் போய்விட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட அறுபத்தெட்டு வயது நீதிபதி, மதிலிலிருந்து கயிறு கட்டித் தன்னை இறக்கச் சொல்லித் தைமூரிடம் போனார். தங்களைப் பார்க்கப் பல பத்தாண்டுகளாகக் காத்திருந்தேன் என்று ஆரம்பித்து, ஆட்சி என்பது அஸபிய்யாவால் வருவது, துருக்கியருக்கு நிகரான கூட்டம் இல்லை என்று தன் கொள்கையையே முகஸ்துதியாக மாற்றிச் சொன்னார். தைமூருக்குக் கோட்பாட்டில் அக்கறை இல்லை. வட ஆப்பிரிக்காவின் மலை, ஆறு, ஊர் எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பதுபோல் எழுதித் தா என்று கேட்டார். இவரும் எழுதிக் கொடுத்தார். கெய்ரோ மிட்டாய்ப் பெட்டிகளும் கொடுத்தார். பிறகு ஊர் சூறையாடப்பட்டது, பெரிய பள்ளிவாசல் எரிந்தது. இந்த விவரங்களை எல்லாம் மறைக்காமல் அவரே தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் காலத்துக்குப் பின் அவரை ஆழ்ந்து படித்தவர்கள் உஸ்மானியத் துருக்கியர்கள். பதினேழாம் நூற்றாண்டில் அவர்களுடைய பேரரசு தள்ளாடத் தொடங்கியபோது, காதிப் செலபியும் அவருக்குப் பின் அரசவை வரலாற்றாசிரியர் நைமாவும், நாம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று இந்த நூலை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் அதை மரண ஜாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டம் தெரிந்தால் செலவைக் குறைத்து, போரை நிறுத்தி, நாட்களை நீட்டலாம் என்று நம்பினார்கள். ஐரோப்பியருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அவர் சரியாக அறிமுகமானார். 1860-களில் டி ஸ்லேன் பிரெஞ்சில் முழுதாக மொழிபெயர்த்தார். அல்ஜீரியாவைப் பிடித்திருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. நாடோடிகளை நினைத்து அவர் ‘அரபுகள்’ என்று எழுதிய இடங்களை ஓர் இனத்தின் மீதான தீர்ப்பாகப் படித்து, அரபுகள் அழித்ததைத் திருத்த வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். எகிப்தின் தாஹா ஹுசைன் 1917-இல் பாரிஸில் இவரைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினார். அண்மைக் காலத்தில் பீட்டர் டர்ச்சின், அஸபிய்யாவைக் கணிதச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்து, வல்லரசுகள் எல்லைப்புறங்களில் பிறப்பதை விளக்க முயன்றார்.

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் விதிவிலக்குகள் நிறைய. உஸ்மானியர் ஆறு நூற்றாண்டு ஆண்டார்கள். அவர் பிறந்த துனிஸை ஆண்ட ஹஃப்ஸ் குடும்பமே 1574 வரை, ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு, இழுத்துப் பிடித்தது. இதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு வம்சம் ஊன்றிப்போன பிறகு, அதற்குக் கீழ்ப்படிவது மதநம்பிக்கை போலவே மக்கள் மனதில் படிந்துவிடும். அப்போது அஸபிய்யா இல்லாமலும் கொஞ்ச காலம் ஓடலாம் என்கிறார். அந்தக் கொஞ்ச காலம் எவ்வளவு நீளும் என்பதைத்தான் அவர் குறைத்து மதிப்பிட்டார். நபிகளின் குறைஷ் குலத்தவரே கலீஃபாவாக வேண்டும் என்ற பழைய விதியைக்கூட, அன்று அந்தக் குலத்துக்கு ஆள்பலம் இருந்ததால் வந்த விதி என்றுதான் விளக்கினார். ஆள்பலம் போனபின் வம்சப் பெயருக்கு மட்டும் பெரிய மதிப்பு இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அவருடைய சொந்த மண்ணிலேயே இதற்கு எதிர்ச்சாட்சி உண்டு. மராகேஷை இன்று ஆளும் அலவீ குடும்பம் 1660-களில் மொராக்கோவைப் பிடித்தது. பெரிய குலம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. நபிகளின் வழித்தோன்றல் என்ற பெயர்தான் முதலீடு. அக்குடும்பத்தின் மூலாய் இஸ்மாயில் குலங்களை நம்பாமல், கருப்பின அடிமைகளைக் கொண்டு ஒரு பெரும் படை அமைத்தார். ஏறக்குறைய மம்லூக்குகளின் வழி. 1727-இல் அவர் இறந்ததும் அந்தப் படை முப்பது ஆண்டுகள் சுல்தான்களை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தது. ‘முகத்திமா’வின்படி அந்த வம்சம் அப்போதே முடிந்திருக்க வேண்டும். ஆனால் படை இறக்கியவரும் இஸ்மாயிலின் மகன், அடுத்து ஏற்றியவரும் இஸ்மாயிலின் மகன். வேறொரு குடும்பத்திலிருந்து ஓர் ஆளை உட்கார வைக்க அவர்களுக்குத் துணிவு வரவில்லை.